புதிதாக ஏசி வாங்கினால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? ஸ்லாப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏசியோ, கீசரோ, ஃபிரிட்ஜோ, எதை வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான். ஏசிதான் ஸ்லாப்களைத் தாண்டிக் குதிக்கிற பொருள் என்பதால் முக்கியமாக அதையே எடுத்துக்கொள்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரிப் பட்டியல் போதும். இது கணக்குக்காக நானே எழுதிக்கொண்டது, எந்த மின்வாரியத்தின் பட்டியலும் இல்லை. பணத்தையும் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன், உங்கள் ஊர்ப் பணத்தின் பெயரை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தில்:
- முதல் 100 யூனிட் வரை: யூனிட்டுக்கு 3
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு 5
- 201 முதல் 300 வரை: யூனிட்டுக்கு 7
- 300-க்கு மேல்: யூனிட்டுக்கு 9

யூனிட் என்றால் சரியாக என்ன?

ஒரு கிலோவாட், அதாவது 1000 வாட்ஸ் இழுக்கிற பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட்ஸ் பொருள் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். மீட்டரில் kWh என்று போட்டு ஏறிக்கொண்டே போகிற எண் இதுதான். வாட்ஸ் என்பது இழுக்கும் வேகம், யூனிட் என்பது இழுத்து முடித்த அளவு. பில் அளவுக்குத்தான் வரும், வேகத்துக்கு வராது. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் குழப்பம் வராது.

ஏசியில் 1.5 டன் என்கிறார்கள், 5 கிலோவாட் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1500 வாட்ஸ் என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

1500 வாட்ஸைத்தான். டன் என்பது ஏசி அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பதன் அளவு. ஒரு டன் ஏறக்குறைய 3.5 கிலோவாட், எனவே ஒன்றரை டன் ஏசி 5 கிலோவாட்டுக்குச் சற்று அதிகமான குளிர்ச்சியைத் தரும். இது அது தருகிற வேலை, இழுக்கிற மின்சாரம் இல்லை. ஏசி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே கடத்துகிறது. அதனால் ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு, மூன்றரைப் பங்கு வெப்பத்தைக் கடத்த முடிகிறது.

பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் இரண்டு கிலோவாட் எண்கள் இருந்தால், பெரியது பெரும்பாலும் குளிரூட்டும் திறன், சிறியதுதான் மின் உள்ளீடு. பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் செலவு மூன்று மடங்காகத் தெரியும். ஏசியே வேண்டாம் என்று இதை வைத்தே முடிவெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1500 வாட்ஸ், ராத்திரி 8 மணி நேரம். அப்போ தினம் 12 யூனிட்டா?

இல்லை. 1500 என்பது முழு மூச்சில் ஓடும்போது இழுப்பது. அறை குளிர்ந்த பிறகு பழைய வகை ஏசியில் கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். இன்வெர்ட்டர் வகையில் நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எப்படியானாலும் இரவு முழுவதற்குமான சராசரி, தகட்டில் உள்ள எண்ணைவிட நன்றாகவே இறங்கிவிடும்.

அந்தச் சராசரிக்குச் சுலபமான வழி, ஏசியில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன முத்திரையில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட் எண். ஆனால் அது எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு என்று கூடவே பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 1600 மணி நேரம் என்று வைத்து 1040 யூனிட் என்று ஒரு முத்திரை சொன்னால், மணிக்குச் சராசரி 0.65 யூனிட். 1040-ஐப் பன்னிரண்டால் வகுத்து ‘மாதம் 87 யூனிட்தான்’ என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. நீங்கள் வெயில் காலத்தில் மாதத்துக்கு 240 மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்றால் முத்திரையின் மணிக்கணக்கே உங்களுக்கு ஏழு மாதத்தில் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. முத்திரை எண், கடும் வெயில் நாளையும் மிதமான நாளையும் கலந்த சராசரி. உச்ச வெயில் மாதத்துக்கு நான் அதன்மேல் கால் பங்கு போல ஏற்றிக்கொள்வேன். இது என் பழக்கம், விதி கிடையாது. ஆக 0.65 என்பதை 0.8 ஆக்கினால், 8 மணி நேரத்துக்கு 6.4 யூனிட், 30 நாளுக்கு 192 யூனிட். கீழே எல்லா இடத்திலும் இந்த 192-தான் வரும்.

போன மாதம் 170 யூனிட்டுக்கு 650 வந்தது. யூனிட்டுக்கு 3.82. அதையே 192-ஆல் பெருக்கினால் 734. சரிதானே?

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். நானும் முதல் ஏசிக்கு இப்படித்தான் போட்டேன், பில்லைப் பார்த்ததும் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

3.82 என்பது உங்கள் பழைய 170 யூனிட்டின் சராசரி. அதில் மலிவான முதல் 100 யூனிட்டும் கலந்திருக்கிறது. அந்த 100-ஐ உங்கள் விளக்கும் விசிறியும் ஃபிரிட்ஜும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. புதிதாக வருகிற ஏசிக்கு அங்கே இடம் இல்லை. அது 171-ஆவது யூனிட்டில்தான் தொடங்கும்.

சரி, அங்கிருந்து ஏறுவோம். 170-லிருந்து 200 வரை 30 யூனிட் இருக்கிறது, யூனிட்டுக்கு 5 என்றால் 150. அடுத்த ஸ்லாப் முழுவதையும் ஏசியே நிரப்புகிறது, 100 யூனிட்டுக்கு 7 வீதம் 700. இதுவரை 130 யூனிட் ஆகிவிட்டது, 192-இல் மீதி 62. அது 9 வீதம் 558. மூன்றையும் கூட்டினால் 1408.

நீங்கள் போட்ட 734 எங்கே, இந்த 1408 எங்கே! ஏறக்குறைய இரண்டு மடங்கு. மொத்த பில் 650-லிருந்து 2058 ஆகும். யூனிட் இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டியிருக்கிறது, பணம் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது.

அதனால் எந்தப் பொருளுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ‘யூனிட் என்ன விலை’ என்பதல்ல. ‘என் வீட்டில் இதன் யூனிட் எந்த ஸ்லாப்பில் விழும்’ என்பதுதான். கடையில் சொல்கிற மாதச் செலவு பெரும்பாலும் பொய்யாக இருப்பதில்லை. உங்கள் வீட்டின் 170 அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்போ கடைசி ஸ்லாப் விலையான 9-ஆல் எல்லாவற்றையும் பெருக்கிவிட்டால்?

1728 வரும். உண்மையைவிட 320 அதிகம். ‘இதற்கு மேல் போகாது’ என்கிற எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஏசி வாங்கும் முன்பே நீங்கள் 300-ஐத் தாண்டியவர் என்றால் இதுவேதான் துல்லியமான விடையும், ஏனென்றால் புது யூனிட் ஒவ்வொன்றும் 9-இல்தான் விழும். நடுவில் இருப்பவர்கள்தான் படிப்படியாக ஏற வேண்டும்.

ஸ்லாப் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் கூடுதல் விலை போடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நிஜமா?

சில இடங்களில் நிஜம், சில இடங்களில் இல்லை. ஒரு வகையில் ஒவ்வொரு ஸ்லாப்பும் தனித்தனி. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் கூடுதல் விலை, கீழே உள்ளவை பழைய விலையிலேயே நிற்கும். மேலே போட்ட கணக்கு இந்த வகை. இன்னொரு வகையில், மொத்தம் எந்த ஸ்லாப்பில் முடிகிறதோ அந்த விலை முதல் யூனிட்டுக்கும் போய்ச் சேரும்.

உங்களுடையது எது என்பதற்குப் பக்கத்து வீட்டைக் கேட்க வேண்டியதில்லை, உங்கள் பழைய பில்லைக் கேளுங்கள். அதில் மின் பயன்பாட்டுக் கட்டணம் என்று உள்ள தொகையை மட்டும் எடுங்கள். வரி, நிலைக்கட்டணம், நிலுவை எதுவும் சேர்க்க வேண்டாம். 170 யூனிட்டுக்கு இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். படிப்படியாகப் போட்டால் 300-உம் 350-உம் சேர்ந்து 650. மொத்தத்துக்கும் 5 என்று போட்டால் 850. பில்லில் இருக்கும் எண் எதனுடன் ஒத்துப்போகிறதோ அதுதான் உங்கள் வகை. இரண்டோடும் ஒட்டவில்லை என்றால் மானியமோ, நாள் கணக்கோ உள்ளே புகுந்திருக்கிறது. அவை கீழே வருகின்றன.

இரண்டாம் வகையாக இருந்தால் அடி பலம். 362 யூனிட்டையும் 9-ஆல் பெருக்கினால் 3258. பழைய 850-ஐக் கழித்தால் ஏசியால் கூடியது 2408. அதே பட்டியல், அதே ஏசி, அதே இரவு 8 மணி நேரம். பட்டியலைப் படிக்கிற விதம் மட்டும் மாறியதில் 1000 கூடிவிட்டது.

எங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதனால் கணக்கு கொஞ்சம் குறையுமா?

இலவசத்துக்கு நிபந்தனை உண்டா என்று முதலில் பாருங்கள். ‘மொத்தம் இத்தனை யூனிட்டுக்குள் இருந்தால் மட்டும்’ என்று ஒரு வரி இருந்தால், கணக்கு குறைவதற்குப் பதில் கூடும்.

நம் பட்டியலிலேயே, 300 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், தாண்டினால் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். 170 யூனிட்டில் இருந்தபோது உங்கள் பில் 650 இல்லை, 350. ஏசி வந்து 362 ஆனதும் ஏசியின் 1408-உடன், இழந்த 300-உம் சேர்கிறது. அந்த 300 பில்லில் விளக்கு, விசிறி ஓடிய யூனிட்டின் பெயரில்தான் இருக்கும். ஆனால் அதைக் கொண்டுவந்தது ஏசி, ஆகவே ஏசியின் செலவு 1708 என்று எழுதிக்கொள்வதே நேர்மையான கணக்கு.

இந்த மாதிரி விளிம்பு இருக்கிற இடத்தில், எத்தனை மணி நேரம் ஓட்டுகிறோம் என்பது விலையையே மாற்றிவிடும். தினம் 5 மணி நேரம் ஓட்டினால் மாதம் 120 யூனிட், மொத்தம் 290. சலுகை நிலைக்கும். ஏசியின் செலவு 30 யூனிட்டுக்கு 150, 90 யூனிட்டுக்கு 630, ஆக 780. இப்போது ஒரே ஒரு மணி நேரம் கூட்டுங்கள். தினம் 6 மணி நேரம் என்றால் 144 யூனிட், மொத்தம் 314. ஏசிக்கு 976, அதோடு இழந்த 300, ஆக 1276. கூடுதலாக ஓடியது 24 யூனிட், கூடுதலாகக் கொடுத்தது 496. யூனிட்டுக்கு 20-க்கும் மேல்! பட்டியலின் எந்த வரியிலும் 20 என்ற எண்ணே கிடையாது.

விளிம்புக்கு மிக அருகில் மொத்தம் வந்து நின்றால் கணக்கை நம்பி உட்கார வேண்டாம். உங்கள் கணிப்பு நாலைந்து யூனிட் தவறினாலே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் செலவைப் போட்டு வைத்துக்கொள்வதே நல்லது.

எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். மாதச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

பட்டியலில் உள்ள ஸ்லாப் எல்லை ஒரு மாதத்துக்கா, இரண்டு மாதத்துக்கா என்பதைத்தான் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மாத ஸ்லாப்பில் ஒரு மாத யூனிட்டை வைத்துப் பார்த்தால் எல்லாமே மலிவாகத் தெரியும். ஒரு மாத ஸ்லாப்பில் இரண்டு மாத யூனிட்டை வைத்தால் தலை சுற்றும்.

வழி இதுதான்: முதலில் பில் சுழற்சி முழுவதற்கும் யூனிட்டைக் கூட்டி, அந்தச் சுழற்சிக்கான ஸ்லாப்பில் ஏற்றி, கடைசியில்தான் மாதத்துக்கு வகுக்க வேண்டும். முதலிலேயே வகுத்துவிட்டால் ஒரு விஷயம் மறைந்துபோகும். நம் ஸ்லாப்கள் இரண்டு மாதத்துக்கு 200, 400, 600 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பயன்பாடு இரண்டு மாதத்துக்கு 340. ஏசியை அதில் ஒரு மாதம் மட்டும் ஓட்டுகிறீர்கள், 192 யூனிட். 340-லிருந்து 400 வரை 60 யூனிட்டுக்கு 300, மீதி 132 யூனிட்டுக்கு 7 வீதம் 924. ஆக 1224. மாதா மாதம் பில் வரும் வீட்டில் அதே ஒரு மாத ஏசிக்கு 1408 ஆகியது. ஏசி ஓடாத மாதம் காலியாக விட்டுவைத்த 5, 7 விலை ஸ்லாப்களில் ஏசி போய் உட்கார்ந்துகொண்டது, அதனால்தான் இந்தக் குறைவு. இரண்டு மாதமும் ஓட்டினால் இந்தச் சலுகை கிடையாது, 2816 என்று நேராக இரட்டிப்பாகும்.

ரீடிங் எடுக்க வருகிற நாள் தள்ளிப்போவதும் இதே வகைதான். 30 நாளுக்குப் பதில் 36 நாளில் வந்தால், நாளுக்கு ஏற்ப ஸ்லாப் எல்லையையும் நீட்டுகிற இடங்களில் பாதிப்பில்லை. நீட்டாத இடங்களில் ஆறு நாள் யூனிட்டும் உச்சி ஸ்லாப்பில் போய் விழும். பில்லில் இரண்டு ரீடிங் தேதிகளும் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

நிலைக்கட்டணம், வரி, எரிபொருள் கட்டணம் என்று என்னென்னவோ இருக்கிறது. அதையெல்லாம் ஏசி கணக்கில் சேர்க்க வேண்டுமா?

ஏசி வந்தாலும் வராவிட்டாலும் மாறாத தொகையை விட்டுவிடுங்கள். யூனிட்டோடு சேர்ந்து ஏறுகிற தொகையைச் சேருங்கள். பயன்பாட்டுக் கட்டணத்தில் 10 சதவீதம் வரி என்றால் 1408 என்பது 1549 ஆகும். எரிபொருள் கட்டணம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வரும், அதை 192-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும்.

நிலைக்கட்டணத்தில் மட்டும் ஒரு கண் வையுங்கள். பெரும்பாலும் மாறாது. ஆனால் அது ஸ்லாப்பை வைத்தோ, இணைப்புக்கு வாங்கியிருக்கும் கிலோவாட் சுமையை வைத்தோ கணக்கிடப்படும் இடமாக இருந்தால், ஏசி வந்ததும் அந்த எண்ணும் ஏறும். சுமையை உயர்த்தினால் ஏசி ஓடாத குளிர் மாதத்திலும் அந்தக் கூடுதல் தொடரும்.

பழைய யூனிட் என்று எந்த மாதத்து எண்ணை எடுத்துக்கொள்வது? மாதத்துக்கு மாதம் மாறுகிறதே.

ஏசி ஓடப்போகிற அதே மாதத்தின் போன வருட எண். ஆண்டுச் சராசரி இங்கே உதவாது. வெயில் மாதத்தில் விசிறியும் அதிகம் ஓடும், ஃபிரிட்ஜும் அதிகம் இழுக்கும், ஆகவே ஏசிக்கு முன்பே நீங்கள் ஒரு ஸ்லாப் மேலே நின்றுகொண்டிருப்பீர்கள்.

ஏசி இல்லை, கீசர்தான் வாங்குகிறேன். 2000 வாட்ஸ் நல்லதா, 3000 வாட்ஸ் நல்லதா? எதில் பில் குறையும்?

இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பில். தண்ணீரைச் சூடாக்கத் தேவையான யூனிட், தண்ணீரின் அளவையும் எத்தனை டிகிரி ஏற்றுகிறோம் என்பதையும் பொறுத்தது. லிட்டரையும் டிகிரியையும் பெருக்கி 860-ஆல் வகுத்தால் யூனிட் வரும். 15 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 0.52 யூனிட். இதை 2000 வாட்ஸ் கீசர் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடிச் செய்யும், 3000 வாட்ஸ் கீசர் பத்து நிமிடம் சொச்சத்தில் செய்யும்.

தினம் இரண்டு தடவை என்றால் மாதம் ஏறக்குறைய 31 யூனிட். சுவிட்சை அணைக்காமல் விட்டால் தொட்டி ஆற ஆறத் திரும்பச் சூடாக்கும் செலவு தனி. 170-க்கு மேல் இந்த 31-ஐ வைத்தால் 157. ஏசியும் ஓடுகிற மாதத்தில் இதே கீசர் 9-இல் விழுந்து 279 ஆகும்.

பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினால் மாதம் 25 யூனிட் மிச்சமாகும் என்கிறார்கள். பணமாக எவ்வளவு?

கூடுகிற யூனிட் உச்சியில் விழுவதுபோல, குறைகிற யூனிட்டும் உச்சியிலிருந்துதான் கழியும். 170-இல் இருக்கும் வீட்டில் 25 யூனிட் குறைந்தால் 5 வீதம் 125 மிச்சம். ஏசி ஓடி 362-இல் இருக்கும் வீட்டில் அதே ஃபிரிட்ஜ் 9 வீதம் 225 மிச்சம் பிடிக்கும். சலுகை விளிம்பைச் சற்றுத் தாண்டி 314-இல் நிற்கிற வீட்டில் மொத்தம் 289-க்கு இறங்கும், போன 300-உம் திரும்பி வரும். அங்கே அந்த 25 யூனிட்டின் மதிப்பு 500-ஐத் தாண்டும்.

‘இத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்’ என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்த ஸ்லாப்பில் கணக்குப் போட்டீர்கள் என்று கேளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் படிப்படியாகக் கூட்டுவது அலுப்பாக இருக்கிறது. சுருக்கு வழி உண்டா?

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் A1 கட்டத்தில் மொத்த யூனிட்டைப் போட்டு, வேறொரு கட்டத்தில் இதை ஒட்டுங்கள்:

```
=MIN(A1,100)*3+MAX(0,MIN(A1,200)-100)*5+MAX(0,MIN(A1,300)-200)*7+MAX(0,A1-300)*9
```

A1-இல் 170 போட்டால் 650 வர வேண்டும், 362 போட்டால் 2058. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏசியின் செலவு. எல்லைகளையும் விலைகளையும் உங்கள் பட்டியலுக்கு மாற்றிய பிறகு, முதல் வேலையாக ஒரு பழைய பில்லின் யூனிட்டைப் போட்டு அதே கட்டணம் வருகிறதா என்று பாருங்கள். வராத சூத்திரத்தை வைத்து முன்னே போகாதீர்கள். இது ஒவ்வொரு ஸ்லாப்பும் தனித்தனியாக நிற்கும் வகைக்கு மட்டும். மொத்தத்துக்கும் ஒரே விலை போடும் வகைக்கோ, நிபந்தனைச் சலுகைக்கோ இது பொருந்தாது.

ஏசி வாங்கி மாட்டியாகிவிட்டது. என் கணக்கு சரியா என்று பில் வரும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

மீட்டர் உங்கள் வாசலிலேயே இருக்கிறதே. ராத்திரி ஏசியைப் போடும்போது kWh எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் அணைக்கும்போது மறுபடியும் குறியுங்கள். ஏசி போடாத ஓர் இரவிலும் அதே நேரத்துக்கு இதையே செய்யுங்கள். ஏசி இரவில் 9.3, ஏசி இல்லாத இரவில் 2.4 என்றால் ஏசி தின்றது 6.9. ஒரே இரவை நம்பாமல் நாலைந்து இரவு பார்ப்பது நல்லது, ஏனென்றால் வெளியே புழுக்கம் கூடினால் எண்ணும் கூடும்.

அந்த நிமிடத்து இழுப்பைப் பார்க்க இன்னொரு வழி உண்டு. டிஜிட்டல் மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே 3200 imp/kWh என்பதுபோல எழுதியிருக்கும், அதாவது 3200 மினுக்கு ஒரு யூனிட். எண் மீட்டருக்கு மீட்டர் மாறும், உங்களுடையதைப் பாருங்கள். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு ஏசியை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் மினுக்குகளை எண்ணுங்கள். 72 என்றால், 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 1.35 கிலோவாட். போட்ட புதிதில் இப்படித்தான் இழுக்கும். அறை குளிர்ந்து ஒரு மணி நேரம் கழித்து எண்ணும்போது 30, 35-க்கு இறங்கியிருக்க வேண்டும். அப்போதும் 70-ஐ ஒட்டியே நின்றால் ஏசி முழு மூச்சிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா, கதவிடுக்கில் காற்று போகிறதா, அறைக்கு இந்த ஏசி போதவில்லையா, 18 டிகிரியில் வைத்துவிட்டீர்களா என்று வரிசையாகப் பாருங்கள்.

6.9 என்று வந்தால் மாதம் 207 யூனிட். நாம் எதிர்பார்த்த 192-ஐவிட 15 கூடுதல். அந்தப் பதினைந்தும் 9-இல்தான் விழும், வரிக்கு முன் இன்னும் 135.